வேடர் ஊரும் விருந்தினர் ஒழுக்கமும்

இலங்கையின் பழங்குடியினராகிய வேடர், தம்மை ‘வன்னியல எத்தோ’ என்று அழைப்பர். காட்டிலே வாழும் மக்கள் என்பது இதன் பொருள். ஊவா மாகாணத்தில் மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானை, இவர்கள் வாழும் ஊர்களுள் வெளியாரால் மிகுதியாக அறியப்பட்டது. விடுமுறைக் காலங்களில் பாடசாலை மாணவரும் உல்லாசப் பயணிகளும் அங்குத் திரளாகச் செல்கின்றனர். தோளிலே கோடரி தாங்கிய முதியவரைக் கண்டு, அம்பெய்யும் வித்தையைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் பலர். அவர்கள் கண்டது வேடர் வாழ்க்கையா, அன்றி அவர்களுக்கெனவே ஆடப்பட்ட கூத்தா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதிய பெருநூல் 1911ஆம் ஆண்டிலே வெளிவந்தது. தனிகல என்னும் மலைப்பகுதி வேடர், வெளியாருக்குக் காட்சி கொடுக்கப் பழகிவிட்டனர் என்பதை அந்நூல் அன்றே எடுத்துக் காட்டியது. பார்வையாளர் வருவதறிந்தால் அவர்கள் தம் வழக்கமான உடையை நீக்கிச் சிறு அரைக்கச்சையுடன் தோன்றுவராம். வந்தோர் ‘ஆதி மனிதனை’க் காண விரும்பினர், காட்டியோர் அவ்விருப்பத்தை நிறைவேற்றிப் பரிசு பெற்றனர். எனவே, உடையைக் கொண்டு உண்மையை அளத்தல் நூறாண்டுகளுக்கு முன்னரே பொய்த்துப்போன முறையாகும். சேலை உடுத்த வேடப் பெண்ணும் காற்சட்டை அணிந்த வேட இளைஞனும் அதனால் வேடர் அல்லாதார் ஆகிவிடார்.

இன்றைய காட்சிகளின் காரணத்தை அறிய, 1983ஆம் ஆண்டிலே நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தையொட்டி, அவ்வாண்டில் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காட்டின் பெரும்பகுதி அவ்வெல்லைக்குள் அடங்கிற்று. பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாகாமியும் சில குடும்பத்தினரும் தம்பானையை விட்டுப் பெயர மறுத்தனர். 1998இல் அவர் மறைந்தபின் அவர் மைந்தர் வன்னில எத்தோ தலைமையை ஏற்றார். வனத்துள் வேட்டை குற்றமாயிற்று. ஆகவே, பயணிகளுக்கு முன் எய்யப்படும் அம்பு, சட்டத்தால் தடுக்கப்பட்ட ஒரு தொழிலின் நினைவேயாகும். இவ்வுண்மையை அறியாது, ‘வேட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்றும், ‘காட்டிறைச்சி கிடைக்குமா’ என்றும் கேட்கும் விருந்தினர், தமக்கு இடந்தந்தவரைச் சட்டத்தின் பிடியில் மாட்டிவைக்க முயல்பவர் ஆகின்றனர்.

சடங்குக்கும் காட்சிக்கும் உள்ள வேற்றுமையைக் ‘கிரி கொரக’ என்னும் ஆட்டத்தைக் கொண்டு தெளிவாக விளக்கலாம். கிரி என்பது பால். கொரக என்பது வாயகன்ற மட்கலம். தேங்காய்ப்பால் நிறைந்த கலமொன்று முக்காலிமேல் வைக்கப்படும். தெய்வமாடுபவர் சடங்கிற்குரிய அம்பைக் கையிலேந்தி அதனைச் சுற்றி ஆடுவார். முன்னாளிற் சிறந்த வேட்டைக்காரராயிருந்து தெய்வநிலை எய்தியவராகக் கருதப்படும் கந்தே யக்கா அவர்மேல் வந்து இறங்குவார் என்பது நம்பிக்கை. உருவேறியவர் பாலைச் சோதித்துப் பார்ப்பார். சூழ நிற்போரின் தோளிலே கைவைத்து வேட்டை வாய்க்கும் என்று வாக்களிப்பார். பாலை அவர்கள்மீது தெளிப்பார். இறுதியில் உணர்விழந்து சாய, உறவினர் தாங்கிக்கொள்வர்.

இங்கே சுற்றி நிற்போர் பார்வையாளர் அல்லர், வாக்குப் பெறுவோர். அவர்களுக்காகவே சடங்கு நிகழ்கின்றது. உரு எப்பொழுது ஏறும், எப்பொழுது இறங்கும் என்பதை யாரும் முன்கூட்டி வரையறுத்தல் இயலாது. இதே ஆட்டம் பயணிகள் வண்டி வந்து நின்றதும் தொடங்கி, அவர்கள் புறப்படும் வேளைக்கு முடியுமாயின், அசைவுகள் மாறாதிருப்பினும் அது காட்சியே. வாக்குப் பெறுவோர் அங்கில்லை, வேட்டையும் இல்லை.

எனினும் காட்சி என்பதனால் அது இழிந்ததென்று கொள்ளற்க. கோயிலில் ஆடிய கூத்தை மேடையில் ஆடுதல் எங்கும் உள்ளதே. காட்டு வாழ்வு சுருங்கிய மக்களுக்கு அதனால் வரும் ஊதியம் உதவியாகின்றது. இளையோர் பழைய ஆட்டத்தைக் கற்பதற்கும் ஏதுவாகின்றது. காட்சியைச் சடங்கென்று சொல்லி விற்பதே ஏமாற்று. இதனைத் தெரிந்துகொள்ளச் சில வினாக்கள் போதும். விருந்தினர் வராவிடினும் இது நிகழுமா? எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை ஊரவர் தீர்மானிக்கின்றனரா, வழிகாட்டி தீர்மானிக்கின்றாரா? ‘இன்று இயலாது’ என்று அவர்கள் மறுக்க முடியுமா? கொடுத்த பணம் யார் கைக்குச் செல்கின்றது? இவற்றுக்கு வழிகாட்டி விடைகூறத் தயங்கி, அவரே பேசி, ஊரவரை வாய் திறக்க விடாதிருப்பின், அங்கே நிகழ்வது கலாசாரப் பரிமாற்றம் அன்று.

பரிமாற்றம் என்பது இருவழிப்பட்டது. அதனை நாடிச் செல்லும் ஆசிரியர், வருகையை முன்னரே அறிவித்து, சிறு குழுவாகவே மாணவரை அழைத்துச் செல்லல் நன்று. தம்பானையில் இன்று பெரிதும் வழங்குவது சிங்களம். வேடர் மொழியை முதியோரே நன்கு அறிவர். ஆதலின் தமிழ் மாணவர் செல்லுமிடத்துச் சிங்களம் நன்கறிந்த ஒருவர் உடன்செல்ல வேண்டும். முதலிலே தலைவரைக் கண்டு வெற்றிலை கொடுத்தல் மரபு. தமிழருக்கும் இம்மரியாதை புதிதன்று. அவர் விருந்தினரின் முன்கைகளைத் தம் இரு கைகளாலும் பற்றி வரவேற்பார். அமர்ந்தபின், வந்தோர் தம் ஊரையும் தொழிலையும் கூறி, அவர்கள் கேட்பனவற்றுக்கு விடையளிக்க வேண்டும். வேட்டையைப் பற்றி மட்டும் வினவாது, சேனைப் பயிரைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், காடு இழந்தமை பற்றியும் கேட்பின், மனப்பாடமாக ஒப்பிக்கப்படாத விடைகள் கிடைக்கும். படம் எடுக்குமுன் இசைவு பெறல் வேண்டும். சிறுவர் கையில் காசும் இனிப்பும் கொடுத்தல் தகாது. அது அவர்களை இரவலராக்கும். தேனோ கைவினைப் பொருளோ வாங்குவோர் செய்தவரிடமே விலை கேட்டு வாங்குதல் முறை.

தமிழ் மாணவர் இவ்வொழுக்கத்தைப் பயிலத் தம்பானைக்கே செல்ல வேண்டுமென்பதில்லை. வாகரையிலும் மூதூர்ப் பகுதியிலும் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்வோர். அரைக்கச்சையும் தோட்கோடரியும் அங்கில்லாமையால் பயணிகள் வண்டி அவர்களைக் கடந்து சென்றுவிடுகின்றது. ஆனால் அவர்கள் தங்கள் தெய்வங்களுக்குச் சடங்கு செய்வது தங்களுக்காகவே. வள்ளியை வேடர் மகளென்று போற்றும் சைவ மாணவன், அழைக்கப்பட்டால் அங்குச் சென்று ஓரத்திலே அமைதியாக அமர்ந்திருக்கலாம். அழைக்கப்படாவிடின் திரும்பி வரலாம். அத்திரும்புதலும் விருந்தினர் ஒழுக்கத்தின் ஒரு பகுதியே ஆகும்.