மூன்று மாதத்தை ஒரு மாதமாக்கும் மின்னஞ்சல்

பிரான்சில் நிரந்தர ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ராஜினாமா செய்ய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. போகிறேன் என்ற முடிவு தெளிவாகவும் சந்தேகத்துக்கு இடமில்லாமலும் இருந்தால் போதும். இவ்வளவு எளிதான நாட்டில்தான் மென்பொருள் டெவலப்பர்கள் இரண்டு பத்தி ராஜினாமா மின்னஞ்சலை எழுத ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் ராஜினாமாவில் இருப்பதில்லை. 'ப்ரெஅவி' எனப்படும் நோட்டீஸ் காலத்தில் இருக்கிறது.

பிரான்சின் மென்பொருள், ஆலோசனை நிறுவனங்களில் பெரும்பாலானவை 'சின்டெக்' என்ற துறைவாரிக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. அதன்படி 'காத்ர்' தரத்தில் உள்ள ஊழியர் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். மென்பொருள் பொறியாளர்களில் பலர் இந்தத் தரத்தில்தான் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தரத்தையும் பணிக்காலத்தையும் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு மாதம். புதிய நிறுவனமோ, அடுத்த மாதமே வந்து சேரச் சொல்கிறது.

லியோன் நகரில் ஒரு டெவலப்பர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் மாதம் 3,500 யூரோ. 2025 மார்ச் 3, திங்கள்கிழமை ராஜினாமா கொடுக்கிறார். முறைப்படி பார்த்தால் ஜூன் தொடக்கம் வரை அவர் வேலை செய்தாக வேண்டும். ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமையோடு கிளம்பிவிட அவர் விரும்புகிறார். இப்போது அவர் எழுதும் மின்னஞ்சலில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று அறிவிப்பு, மற்றொன்று வேண்டுகோள். முதலாவதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதை நிறுவனம் தாராளமாக மறுக்கலாம். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பும்போதுதான் பணமும் நிம்மதியும் போகின்றன.

பொருள் வரியில் 'தெமிஸியோன்' என்ற ஒற்றைச் சொல், அதாவது ராஜினாமா, போதும். பிறகு நேராக விஷயம்: "இன்ன தேதி முதல் நான் வகித்துவரும் டெவலப்பர் பொறுப்பிலிருந்து ராஜினாமா செய்யும் என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். கூட்டு ஒப்பந்தத்தின்படி என் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்பதை அறிவேன்." இங்கே முற்றுப்புள்ளி. அடுத்த பத்தியில் வேண்டுகோள்: "இந்தக் காலத்தில் ஒரு பகுதியிலிருந்து எனக்கு விலக்களித்து, 2025 ஏப்ரல் 4 எனது கடைசி வேலை நாளாக அமைய ஒப்புக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்." மேலாளரோடு நன்றாகப் பழகியவர் 'கொர்தியால்மான்' என்று முடிக்கலாம். மனிதவளத் துறைக்குப் போகும் கடிதத்துக்கு, பிரெஞ்சு அலுவலக வழக்கப்படி நீண்ட மரியாதை வாக்கியம் ஒன்று கடைசியில் வரும்.

"ஏப்ரல் 4-ஆம் தேதியோடு விலகுகிறேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் என்ன? விலகல் செல்லும். தேதிதான் செல்லாது. நிறுவனம் சம்மதிக்காமல் அவர் அன்றோடு வராமல் நின்றுவிட்டால், வேலை செய்யாமல் விட்ட நாட்களுக்கான சம்பளத்துக்குச் சமமான தொகையை நிறுவனம் 'ப்ருதோம்' என்ற தொழிலாளர் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அவர் போனதால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குக் காட்ட வேண்டிய அவசியம்கூட நிறுவனத்துக்கு இல்லை. நம் டெவலப்பரைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம், 7,000 யூரோவை ஒட்டிய தொகை.

யார் விலக்குக் கேட்டார்கள் என்பதை வைத்தும் பணம் மாறும். ஊழியர் கேட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால், வேலை செய்யாத வாரங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊழியர் கேட்காமலே நிறுவனம், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால், நோட்டீஸ் காலம் முழுவதற்கும் சம்பளம் தர வேண்டும். ஆகவே புதிய வேலை இன்னும் உறுதியாகாதவர், மரியாதைக்காகக்கூட, "சீக்கிரம் விடுவித்தால் நல்லது" என்று எழுதக் கூடாது. அந்த ஒரு வரி பின்னால் அவருக்கே எதிராக நிற்கும்.

மேலாளர் பதிலே போடாவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று "பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொல்வதும் பின்னால் நிரூபிக்க முடியாத பேச்சு. எழுத்தில் தேதி வரும்வரை மூன்று மாதம்தான் நடப்பில் இருக்கிறது. நடைமுறையில் பேரம் பேசத்தான் செய்கிறார்கள். நிறுவனம் ஏப்ரல் 25 என்று சொல்லலாம். பேரத்தில் டெவலப்பரின் கையில் இருக்கும் நல்ல துருப்பு, வேலையை ஒப்படைக்கும் திட்டம். பாதியில் நிற்கும் டிக்கெட்டுகள் எவை, வெள்ளிக்கிழமை வெளியீட்டை இனி யார் நடத்துவார், அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டை எந்த வாரத்துக்குள் எழுதிவைப்பார் என்று நாலு வரி சேர்த்தால் மேலாளரின் பயம் பாதி குறைந்துவிடும்.

விடுமுறையும் ஒரு கண்ணி. ராஜினாமாவுக்கு முன்பே ஏப்ரலில் ஒரு வாரம் விடுப்பு அனுமதி வாங்கியிருந்தால், அந்த வாரம் நோட்டீஸ் கடிகாரம் நின்றுவிடும்; முடிவுத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும். "ஒரு மாதம்" என்று கேட்காமல் கடைசி நாளைத் தேதியாகவே எழுதச் சொல்வது இதனால்தான்.

மின்னஞ்சலே போதுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தொழிலாளர் சட்டம் பொதுவாக எந்த வடிவத்தையும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கூட்டு ஒப்பந்தமோ வேலை ஒப்பந்தமோ கடிதம் கேட்கலாம். நோட்டீஸ் காலம் தொடங்கும் நாளில் தகராறு வந்தால், கையில் தேதியுள்ள சான்று வேண்டும். எனவே கையெழுத்திட்ட கடிதத்தை மின்னஞ்சலில் இணைத்து, அதையே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்புவார்கள். அல்லது நேரில் கொடுத்து நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவார்கள். மின்னஞ்சலின் ஒரு நகல் சொந்த முகவரிக்கும் போக வேண்டும். கடைசி நாளன்று அலுவலகக் கணக்கு மூடப்பட்டால் அதில் இருந்த சான்றும் கைக்கு எட்டாது.

கோபத்தைக் கொட்டும் இடம் இந்தக் கடிதம் அல்ல. சம்பளம் பாக்கி, தொல்லை என்று குற்றச்சாட்டுகளோடு எழுதினால், அது வெறும் ராஜினாமா அல்ல என்று நீதிமன்றம் கருதும் வாய்ப்பு உண்டு. முதலாளியின் தவறால் முறிந்த வேலையா என்று விசாரிக்கும். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுவதே சரி. தெளிவாகக் கொடுத்த ராஜினாமாவை, முதலாளி ஒப்புக்கொண்டால் ஒழியத் திரும்பப் பெறவும் முடியாது.

இவ்வளவு பாடும் சோதனைக் காலம் முடிந்தவர்களுக்குத்தான். காத்ர் ஊழியருக்கு அந்தக் காலம் அதிகபட்சம் நான்கு மாதம்; ஒருமுறை நீட்டித்தால் மொத்தம் எட்டு மாதம் வரை போகலாம். அதற்குள் கிளம்புபவர் 48 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். சேர்ந்து எட்டு நாள்கூட ஆகாதவருக்கு 24 மணி நேரம். அவர் எதையும் கேட்டு எழுத வேண்டியதில்லை, அறிவித்தால் போதும்.

கிளம்பும்போது நிறுவனம் மூன்று தாள்கள் தர வேண்டும்: பணிச் சான்றிதழ், கணக்குத் தீர்த்த ரசீது, 'பிரான்ஸ் த்ரவாய்' என்ற வேலைவாய்ப்பு அமைப்புக்கான சான்று. தானாக ராஜினாமா செய்தவருக்கு, சட்டம் ஏற்கும் சில விதிவிலக்குகள் தவிர, வேலையின்மை உதவித்தொகை உடனே கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிரான்சில் வேலை பார்க்கும் வாசகர்கள் அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் தங்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்தக் கூட்டு ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்தும் என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பதை அந்த ஒப்பந்தத்தையும் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் வைத்தே கணக்கிடுங்கள்.