நோட்டு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்

“பல வருடங்களாகத் தங்களிடமே சரக்கு எடுத்து வருகிறேன். பக்கத்தில் புதுக்கடை வந்துவிட்டது. வியாபாரம் டல். பார்த்து ரேட் போட்டுக் கொடுக்கவும்.”

சிறிய ஊர் ஸ்டேஷனரிக் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்குப் போகும் கடிதங்கள் பெரும்பாலும் இந்தப் பாணியில்தான் இருக்கும். எழுதியவரின் கஷ்டம் அதில் தெரிகிறது. என்ன சரக்கு, எத்தனை, எப்போது, பணம் எப்படி என்பதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. படிப்பவர் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. எதற்கு எவ்வளவு குறைப்பது என்று கணக்குப் போட அவர் கையில் எதுவுமே இல்லையே.

கணக்குத் தெரிந்தவர் எப்படி எழுதுவார்? காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு கடை, சரக்கு திருச்சியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகளும் உதாரணத்துக்குத்தான்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு நோட்டுகளை அரசே கொடுக்கிறது. தனியார் பள்ளிகள் பலவும் தங்கள் பெயர் அச்சிட்ட நோட்டை உள்ளேயே விற்கின்றன. மிச்சமிருப்பதுதான் இந்தக் கடைக்காரரின் ஜூன் மாத வியாபாரம். போன வருட பில்களை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார். ஏ4 அளவு, 192 பக்க நோட்டு மட்டும் சீசனில் 200 டஜன் ஓடியிருக்கிறது, அதாவது 2,400 நோட்டு. ஐந்தாறு தடவையாகப் பிரித்து வாங்கியிருக்கிறார். நோட்டு 42 ரூபாய், இரண்டு மாதக் கடன். மொத்தம் 1,00,800 ரூபாய்.

இனி எதிர்த்தரப்புக் கணக்கு. 42 ரூபாய் நோட்டில் மொத்த வியாபாரிக்கு நிற்பது இரண்டு, இரண்டரை ரூபாய் என்று கொள்வோம். அவரிடம் போய் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் சிரிப்பார். ஆனால் இரண்டு மாதம் கடன் கொடுப்பதால் அவருக்கும் ஒரு செலவு இருக்கிறது. மாதம் ஒன்றரை வட்டி என்றால் நோட்டுக்கு 1 ரூபாய் 26 காசு. சரக்கு இறங்கிய அன்றே பணம் வந்துவிட்டால் அந்தச் செலவு அவருக்கு மிச்சம். உடைத்த பண்டல்களை அடிக்கடி கட்டி அனுப்பும் வேலையும் குறையும். ஆகவே ஒன்றரை ரூபாய் குறைக்கக் கேட்பது நியாயம்தான். அவர் லாபத்தில் கைவைக்காமலே கேட்கக்கூடிய தொகை ஏறக்குறைய அவ்வளவு.

கடிதம் மார்ச் முதல் வாரத்தில் போக வேண்டும். ஜூனில் கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள். அப்போது சரக்கு கிடைப்பதே பெரிய விஷயம்.

“அன்புடையீர், வணக்கம்.

பொருள்: வரும் கல்வியாண்டுக்கான நோட்டு கொள்முதல், விலை குறித்து.

கடந்த சீசனில் தங்களிடம் ஏ4 அளவு, 192 பக்க, கோடு போட்ட நோட்டு 200 டஜன் 42 ரூபாய் வீதம் எடுத்தோம். பில் நகல்கள் இணைத்துள்ளோம். இந்த வருடம் அதே பிராண்டு, அதே 57 ஜிஎஸ்எம் தாளில் 200 டஜன் இரண்டே தவணையில் எடுத்துக்கொள்கிறோம்: ஏப்ரல் மூன்றாவது வாரம் 125 டஜன், ஜூன் முதல் வாரம் 75 டஜன். ஒவ்வொரு தவணைக்கும் சரக்கு வந்த அன்றே முழுத் தொகையும் வங்கி வழியாக அனுப்பிவிடுகிறோம்.

எனவே நோட்டு ஒன்றுக்கு 40.50 ரூபாய் வீதம், பார்சல் கட்டணம் தங்கள் பொறுப்பில், போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டு தவணைக்கும் இதே விலை நிற்க வேண்டும். நனைந்தவை, பைண்டிங் விட்டவை இருந்தால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கிறோம், மாற்றித் தரவும். மார்ச் 20க்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.”

புதுக்கடை பற்றிய புலம்பல் இதில் இல்லை. வேறு ஆளிடம் போய்விடுவேன் என்ற மிரட்டலும் இல்லை. மார்ச் 20 என்ற தேதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பார்சல் கட்டணம் சின்ன விஷயம்போலத் தெரியும். 2,400 நோட்டு அட்டையோடு சேர்த்து ஏறக்குறைய 900 கிலோ வரும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்றாலும் 1,800 ரூபாய், நோட்டுக்கு 75 காசு. கேட்ட குறைப்பில் பாதி இதிலேயே இருக்கிறது. அந்த வழியில் சொந்த வேன் ஓட்டும் வியாபாரிக்கு விலையைக் குறைப்பதைவிட இதை விட்டுக்கொடுப்பது சுலபம்.

பதில் பல சமயம் நேராக வராது. “ரேட் குறைக்க முடியாது, 50 டஜனுக்கு 1 டஜன் ஃப்ரீ” என்று ஸ்கீமாக வரும். 200 டஜனுக்கு 4 டஜன், அதாவது 48 நோட்டு. 42 ரூபாய் வீதம் 2,016 ரூபாய். நோட்டின் அடக்க விலை 41.18 ஆகிறது. கேட்டது 3,600 ரூபாய்க் குறைப்பு, கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். அந்த நான்கு டஜனும் அதே நோட்டாக இருந்தால்தான் இந்தக் கணக்கே. ஓடாத கோடில்லா நோட்டைத் தள்ளிவிட்டால் அலமாரியில் இடம் அடைப்பதுதான் மிச்சம்.

அதோடு ரொக்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. கைப்பணம் என்றால் கவலையில்லை. மாதம் ஒரு வட்டிக்குக் கடன் வாங்கினால் இரண்டு மாதத்துக்கு இரண்டு சதவீதம், அதுவும் 2,016 ரூபாய்தான். ஸ்கீமில் வந்தது வட்டியில் போய்விடும். மாதம் இரண்டு வட்டி ஃபைனான்ஸ் என்றால் நோட்டுக்கு 1 ரூபாய் 68 காசு போகும். கேட்டபடி ஒன்றரை ரூபாய் முழுதாகக் குறைந்தாலும் நஷ்டம்தான். அப்படிப்பட்டவர் பழைய 42 ரூபாய்க் கடனிலேயே இருந்துகொண்டு பார்சல் கட்டணத்தை மட்டும் கேட்பது நல்லது.

பழைய பில்லோடு ஒப்பிடும்போது வரியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. அதற்காக 12 சதவீதமும் விலையில் இறங்க வேண்டும் என்று வாதாட முடியாது. நோட்டுக்கு வரி இல்லாததால், தயாரிப்பாளர் அட்டைக்கும் பசைக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் போய்விட்டது.

கடிதத்தில் 57 ஜிஎஸ்எம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. விலையைக் குறைத்துவிட்டுத் தாளை மெலிதாக்கினால் அட்டையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தராசு கண்டுபிடிக்கும். ஏ4 அளவில் 192 பக்கம் என்றால் 96 தாள். 57 ஜிஎஸ்எம் தாளில் ஒரு நோட்டின் தாள் எடை சுமார் 341 கிராம், 54 ஜிஎஸ்எம் ஆனால் 323. ஒரு நோட்டில் 18 கிராம்தான் வித்தியாசம். டஜனாக வைத்தால் 200 கிராமுக்கு மேல் போய்விடும். போன வருடச் சரக்கில் ஒரு டஜனைத் தனியே எடுத்து வைத்திருந்தால் போதும். ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் எடை கூடும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் நிறுப்பது நல்லது. பக்கங்களையும் எண்ண வேண்டும். பல நோட்டுகளில் பக்க எண்ணிக்கைக்குக் கீழே, பெயர், அட்டவணை அச்சிட்ட பக்கங்களும் சேர்த்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இந்தப் பேரம் 41 ரூபாய்க்கு, பார்சல் அவர் பொறுப்பில் என்று முடிந்தால் சொந்தப் பணக்காரருக்குச் சீசனில் 4,200 ரூபாய் மிச்சம். அதைப் போனில் பேசி முடித்தாலும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். ஜூன் பில் போடும் பையனுக்கு மார்ச்சில் முதலாளி பேசியது தெரிந்திருக்காது. கணினியில் இருக்கிற 42 அப்படியே பில்லில் ஏறிவிடும்.