திறந்து வைத்த பக்கம் மறுபடி ஏன் ஏற்றமாகிறது?



புளியந்தோப்பில் எங்கள் மண்டியில் உள்ள கம்ப்யூட்டரின் நினைவகம் 4 ஜி.பி. பில் போடும் மென்பொருளுடன், குரோமில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களும் (டேப்) திறந்தே இருக்கும். சென்ற மாதம் பருப்பு விலைப் பட்டியலை நூறு வரிகள் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வந்ததால் எழுந்து சென்று, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். பக்கத்தைத் தொட்டதும் அது வெள்ளையாகி, மறுபடி முதல் வரியிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் பழுது என்றே நினைத்தேன். பழுதல்ல.

கடையில் இடம் போதாதபோது, விற்காத மூட்டையைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டுப் பலகையை மட்டும் கடையில் வைக்கிறோம் அல்லவா? குரோம் செய்வதும் அதுவே. நினைவகம் குறையும்போது, நாம் பார்க்காத பக்கத்தை அது நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். மேலே தலைப்பு மட்டும் நிற்கும். தொட்டவுடன் பக்கத்தை இணையத்திலிருந்து புதிதாகக் கொண்டுவரும். 2015 முதல் இந்த ஏற்பாடு உண்டு. நினைவகம் தீரும்வரை காத்திராமல், சிறிது நேரம் தொடாத பக்கத்தை முன்கூட்டியே இறக்கும் 'Memory Saver' 2022 டிசம்பரில் அறிமுகமானது.

விட்ட இடத்தைக் குரோம் குறித்து வைக்கும். சாதாரணப் பக்கத்தில் பெரும்பாலும் அதே இடத்துக்கே வரும். ஆனால் கீழே இறக்க இறக்கப் புதிய வரிகளைச் சேர்க்கும் பட்டியலில், திரும்ப ஏற்றும்போது முதல் சில வரிகளே வரும். நாம் விட்ட நூறாவது வரி அங்கே இராது. என் பட்டியலுக்கு நேர்ந்தது இதுவே.

பாட்டோ வீடியோவோ ஓடும் பக்கம், பாதி நிரப்பிய படிவம், 'பின்' செய்த பக்கம் ஆகியவற்றைக் குரோம் பொதுவாக இறக்குவதில்லை.

தேவையான தளத்தைக் காக்கும் வழி: வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings, பிறகு Performance செல்லுங்கள். 'Always keep these sites active' என்பதற்கு எதிரே Add தொட்டு, தளத்தின் முகவரியைச் சேருங்கள். விலைத் தளம் ஒன்றிரண்டு போதும். எல்லாவற்றையும் சேர்த்தால் பில் போடும் வேலை தாமதப்படும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரும்பி வந்ததும் அதே பக்கம் தானே ஏற்றமானால், குரோம் இறக்கியது என்று கொள்ளலாம். கடவுச்சொல் கேட்டால், பெரும்பாலும் நெடுநேரம் ஒன்றும் செய்யாததால் தளமே நம்மை வெளியேற்றியிருக்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் அப்படி நடப்பதுண்டு. அதற்கு மேற்சொன்ன வழி உதவாது. எழுந்து போகுமுன் பதிவைச் சேமிப்பதே வழி.

கைபேசியில் இந்த அமைப்பு இல்லை. அங்கே நினைவகம் குறைந்தால் குரோமையே மூடிவிடுவதும் உண்டு. ஆகவே விலை பார்த்ததும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது நல்லது.