உஷார்! மாடித் தோட்டத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் மண்ணை எடை போடுங்கள்

அமைத்துக் கொடுக்க ஒரு தொகை, அப்புறம் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். ஆள் வந்து விதைப்பார், வேப்பெண்ணெய் அடிப்பார். நீங்கள் கீரை பறித்தால் போதும். உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு இப்படி ஒரு விலைப்பட்டியல் வந்திருக்கிறதா? நனைந்த மண் எத்தனை கிலோ என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு, இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875) கணக்கில் எடுக்கச் சொல்லும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. இப்போது நாலடிக்கு எட்டடியில், ஓரடி ஆழத்தில் ஒரு பாத்தி கட்டுகிறார்கள் என்று வையுங்கள். அதில் 900 லிட்டர் மண் பிடிக்கும். செம்மண் கலவை என்றால் மழையில் ஊறியபின் ஒன்றரை டன்னைத் தொடும். அந்த 32 சதுர அடிக்கான கணக்கோ 450 கிலோதான்! "தேங்காய் நார்க்கழிவு சார், வெயிட்டே இருக்காது" என்பார்கள். காய்ந்திருக்கும்போது உண்மைதான். நார்க்கழிவின் வேலையே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வது. மண்புழு உரமும் சேர்ந்து நனைந்தால் 900 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

உடனே மாடி இடிந்து விழாது. அதுதான் ஆபத்தே. தளம் மெல்லத் தொய்யும், தட்டு ஓட்டின் இடுக்குகள் விரியும், தினசரி ஊற்றும் நீர் கம்பி வரை இறங்கித் துருவேற்றும். கடைசி மாடிக்காரர் வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரியும்போது ஒப்பந்தக்காரரின் கைபேசி அணைந்திருக்கலாம்.

கீரைக்கு அரையடி ஆழமே தாராளம். தக்காளி, கத்தரியைப் பைகளில் வைக்கலாம். ஆனால் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே பீம் ஓடும் வரிசையில், இடம்விட்டு, ஸ்டாண்டின் மேல். பழைய கட்டடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் ஒரு பைகூட ஏறக்கூடாது. தொட்டி வருமுன் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஓரங்குலம் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் கீழ்வீட்டுக் கூரையைக் கவனியுங்கள். கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும்.

அடுத்த வில்லங்கம் ஐப்பசியில் வரும். அடைமழையில் நார்த்துகள் அடித்துக்கொண்டு போய்க் குழாய் வாயை அடைக்கும். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு இன்னொரு 100 கிலோ. மாதம் இரண்டு முறை வரும் ஆள் அன்றைக்கு வரப்போவதில்லை. தொட்டித் தட்டில் நிற்கும் நீரில் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதும் அவருடைய அட்டவணைக்குத் தெரியாது.

ஆகவே குழாய் வாய்க்கு வலை, மழைக்காலத்தில் வாரம் ஒரு வருகை, கசிந்தால் செலவு யாருடையது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை மார்கழி முடிந்து, கூரை காய்ந்திருப்பதைப் பார்த்தபிறகு கொடுங்கள்.