நேற்றைய மூன்று எண்கள், இன்றைய ஏழு கோடுகள்

சிகாகோ ஃபியூச்சர்ஸ் சந்தைகளில் வியாபாரம் ஒரு காலத்தில் கூச்சலாகத்தான் நடந்தது. படிக்கட்டு வைத்த வட்டப் பள்ளத்துக்குள் நெருக்கியடித்து நின்று, விரல்களைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தி விலை பேசுவார்கள். அந்த நெரிசலில் யார் சார்ட்டை விரித்துப் பார்க்க முடியும்? அதனால் காலையிலேயே சில எண்களைக் கணக்குப் போட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு வருவார்கள். 2015 ஜூலையில் சிஎம்இ குழுமம் பெரும்பாலான ஃபியூச்சர்ஸ் பள்ளங்களை மூடிவிட்டது. அட்டையில் இருந்த கணக்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று நம் ஊரில் நிஃப்டியில் இன்ட்ராடே செய்பவர்களின் மொபைல் திரையில் கோடுகளாக ஓடும் ‘ஃப்ளோர் பிவட்’ அதுதான். ஃப்ளோர் என்றால் அந்தச் சந்தைத் தளம்.

கணக்குக்கு வேண்டியது மூன்றே எண்கள்: முந்தைய நாளின் ஹை, லோ, குளோஸ். கூட்டி மூன்றால் வகுத்தால் பிவட். மற்ற கோடுகள் அதிலிருந்து பிறப்பவை.

```
P  = (H + L + C) / 3
R1 = 2P - L        S1 = 2P - H
R2 = P + (H - L)   S2 = P - (H - L)
R3 = H + 2(P - L)  S3 = L - 2(H - P)
```

R என்பது ரெசிஸ்டன்ஸ், விலை ஏறும்போது முட்டக்கூடிய இடம். S என்பது சப்போர்ட், இறங்கும்போது தாங்கக்கூடிய இடம். ஒரு கற்பனை நாளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். நேற்று நிஃப்டியின் ஹை 25,180, லோ 24,940, குளோஸ் 25,120. மூன்றையும் கூட்டினால் 75,240, மூன்றால் வகுத்தால் 25,080. இது பிவட். அதை இரட்டித்தால் 50,160. அதில் லோவைக் கழித்தால் R1, 25,220. ஹையைக் கழித்தால் S1, 24,980. நேற்றைய ஹைக்கும் லோவுக்கும் இடைவெளி 240 புள்ளி. அதைப் பிவட்டோடு கூட்டினால் R2, 25,320. கழித்தால் S2, 24,840.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். யாரும் நின்று கவனிக்காத ஒன்று, R1-க்கும் S1-க்கும் உள்ள இடைவெளி. 25,220-இல் 24,980 போனால் 240. நேற்றைய ஹை-லோ இடைவெளியும் அதே 240. இது தற்செயல் இல்லை. சூத்திரத்தில் 2P அடிபட்டுப் போய் H - L மட்டும் மிஞ்சும், எந்த நாளை எடுத்தாலும் அப்படித்தான். அதாவது R1-S1 பட்டை என்பது நேற்றைய ஹை-லோ பட்டையேதான், கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

எவ்வளவு நகர்த்தினார்கள் என்பதைத் தீர்மானிப்பது குளோஸ். நேற்றைய பட்டையின் நடுப்புள்ளி 25,060. குளோஸ் அதைவிட 60 புள்ளி மேலே. அதில் மூன்றில் இரண்டு பங்கு, 40 புள்ளி, பட்டை மேலே ஏறியிருக்கிறது. குளோஸ் சரியாக நடுவில் விழுந்திருந்தால் R1 நேற்றைய ஹையாகவே இருக்கும், S1 நேற்றைய லோவாகவே இருக்கும். குளோஸ் ஹையிலேயே முடிந்திருந்தால்கூடப் பட்டை தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகராது. இந்தக் கோடுகளை ஜாதகம்போல நம்புகிறவர்களிடம் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். உள்ளே எதிர்காலம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ‘நேற்று இவ்வளவு அகலம் ஆடியது, முடிவில் இந்தப் பக்கம் சாய்ந்தது, இன்றும் ஏறக்குறைய அப்படியே ஆடினால்’ என்கிற ஒரு ஊகம் மட்டும்தான் இருக்கிறது.

ஊகம் என்று தெரிந்துகொண்டால், அது எப்போது பொய்க்கும் என்பதும் தெரிந்துவிடும். நேற்று பட்ஜெட் நாள், 700 புள்ளி ஆடியது என்றால் இன்று R1-ம் S1-ம் அடிவானத்தில் நிற்கும், நாள் முழுக்க விலை எதையும் தொடாமலேயே முடியலாம். நேற்று 80 புள்ளிதான் அசைந்தது என்றால், இன்று முதல் அரை மணியிலேயே மூன்று கோடுகளைத் தாண்டிவிடலாம். கேப் அப் இன்னொரு சிக்கல். நம் உதாரணத்தில் காலை 9:15-க்குச் சந்தை 25,350-இல் திறந்தால், R2-கூடக் கீழே கிடக்கிறது. 270 புள்ளி தள்ளி இருக்கும் பிவட்டை வைத்து என்ன செய்வது? அன்றைக்கு முதல் அரை மணி நேரத்தின் ஹையையும் லோவையும் பார்த்து நடப்பதே மேல்.

சாதாரண நாளில் பயன்படுத்துவது எப்படி? திறப்பு 25,110 என்று வையுங்கள். பிவட்டுக்கு மேல் திறந்ததால் வாங்குகிறவர் பக்கம் சற்றே சாய்வு. விலை மெல்ல இறங்கி 25,080-ஐ உரசுகிறது. அனுபவசாலி தொட்டவுடன் வாங்கமாட்டார். ஐந்து நிமிட கேண்டில் பிவட்டுக்கு மேல் முடிகிறதா என்று காத்திருப்பார். முடிந்து, 25,090-இல் வாங்கி, 25,060-இல் ஸ்டாப்லாஸ் வைத்தால், போகக்கூடியது 30 புள்ளி, R1 வரை கிடைக்கக்கூடியது 130. இதே ஆள் தாமதமாக விழித்து 25,150-இல் வாங்கினால், R1-க்கு 70 புள்ளி, கீழே பிவட்டுக்கும் அதே 70. கோடு அதேதான், வாங்கிய இடம்தான் கணக்கைக் கெடுத்தது. போகட்டும், இத்தனை கவனம் இருந்தாலும் லாபம் நிச்சயமில்லை. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது.

இனி, எனக்கு ஒரு மாலை வீணாய்ப்போன விஷயம். நண்பர் ஒருவரின் திரையிலும் என் திரையிலும் ஒரே நாளுக்கு வேறு வேறு பிவட். இருவரும் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டோம். கூட்டல் சரி, வகுத்தல் சரி. குற்றவாளி குளோஸ். 3:30-க்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலையை நாம் குளோஸ் என்று நினைக்கிறோம். தேசியப் பங்குச் சந்தையின் நீண்டகால வழக்கமோ வேறு: கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் எடையிட்ட சராசரிதான் அதிகாரபூர்வ குளோஸ், நிஃப்டியும் அந்த விலைகளைக் கொண்டே முடிகிறது. கடைசி நிமிடங்களில் விலை எகிறினால் இரண்டும் விலகும். நம் உதாரணத்தில் 25,120-க்குப் பதில் கடைசி விலையான 25,156 உள்ளே போயிருந்தால், பிவட் 12 புள்ளி ஏறி 25,092 ஆகும், R1-ம் S1-ம் 24 புள்ளி ஏறும். 30 புள்ளி ஸ்டாப்லாஸ் வைக்கிறவருக்கு 24 புள்ளி சின்ன விஷயமா? நண்பரின் TradingView-இல் பிவட் அமைப்புக்குள் போனால் `Use Daily-based Values` என்ற பெட்டியில் டிக் எடுக்கப்பட்டிருந்தது. அதனால் அது நிமிட கேண்டில்களிலிருந்து குளோஸை எடுத்துக்கொண்டிருந்தது.

அதே அமைப்பில் `Traditional`, `Classic` என்று இரண்டு வகை இருக்கும். இரண்டிலும் R2 வரை ஒன்றுதான், R3-இலிருந்து வேறு. மேலே எழுதிய சூத்திரம் `Traditional`. அதில் நம் R3 25,460. `Classic`-இல் அதுவே 25,560.

கோடுகள் எந்த நாளுடையவை என்று சந்தேகம் வந்தால் ஒரு கழித்தல் போதும். R1-இலிருந்து S1-ஐக் கழியுங்கள். நேற்றைய ஹை-லோ இடைவெளி வந்தால் நேற்றைய கோடுகள். இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வந்தால், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட சார்ட்டைத் திறந்துவைத்திருப்பீர்கள், `Auto` தானாக வாரக் கணக்குக்கு மாறியிருக்கும். குளோஸில் நேர்ந்த தப்பை மட்டும் இந்தக் கழித்தல் காட்டாது. அங்கே R1-ம் S1-ம் சேர்ந்தே நகர்வதால் இடைவெளி அதே 240-தான் வரும். நாங்கள் இருவரும் அன்று மாலை முழுக்க ஏமாந்ததும் அதனால்தான்.