இன்றுவரை விடாமல் எத்தனை நாள்?

நடைப்பயிற்சிக்கு ஒரு எக்செல் அட்டவணை போட்டிருக்கிறீர்கள். முதல் வரிசையில் B1 முதல் AF1 வரை அக்டோபர் மாதத் தேதிகள். அதன் கீழே, நடந்த நாளுக்கு ✓, நடக்காத நாளுக்கு ✗. இன்று தேதி 12. முதல் ஐந்து நாள் டிக், 6ஆம் தேதி மழையில் ✗, 7, 8 டிக், 9ஆம் தேதி மீண்டும் ✗, அதன்பின் 10, 11, 12 டிக். மொத்த டிக்கைக் கேட்டால் `COUNTIF` உடனே 10 என்று சொல்லிவிடும். நமக்கு வேண்டியது அதுவல்ல. கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போனால் இடைவிடாமல் எத்தனை டிக் என்பதுதான் கேள்வி, விடை 3.

இதை ஒரே நீள ஃபார்முலாவில் அடைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. தப்பு வந்தால் எங்கே வந்தது என்று அதில் தேட முடியாது. கீழே இன்னொரு வரிசையை ஒதுக்குவதே மேல். B3-இல் இதை எழுதி, AF3 வரை வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=IF(B2="✓",N(A3)+1,0)
```

மேலே டிக் இருந்தால் முந்தைய கட்டத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டும், இல்லையென்றால் பூஜ்யம். A3-இல் "தொடர்" என்று தலைப்பு எழுதியிருந்தாலும், `N` அந்த எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் மூன்றாம் வரிசை 1, 2, 3, 4, 5, 0, 1, 2, 0, 1, 2, 3 என்று வரும். 13ஆம் தேதி முதல் எல்லாம் பூஜ்யம், ஏனென்றால் அந்த நாள்கள் இன்னும் வரவில்லை. போனஸாக, `MAX(B3:AF3)` போட்டால் இந்த மாதத்தின் மிக நீண்ட தொடரும் கிடைக்கும்: 5.

இனி, இரண்டாம் வரிசையில் கடைசியாக நிரப்பிய கட்டம் எது என்று கண்டு, அதற்கு நேர் கீழே உள்ள எண்ணை எடுக்க வேண்டும். AG2-இல் இது:

```
=IFERROR(LOOKUP(2,1/(B2:AF2<>""),B3:AF3),0)
```

நிரப்பிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் 1/1, அதாவது 1 கிடைக்கும். வெற்றுக் கட்டத்துக்கு 1/0 ஆகிப் பிழை வரும். அந்தப் பட்டியலில் 2 எங்குமே இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் `LOOKUP` பிழைகளை ஒதுக்கிவிட்டு, கடைசி 1-இல் போய் நிற்கும். அந்தக் கட்டம்தான் 12ஆம் தேதி. கூகுள் ஷீட்ஸில் இதே ஃபார்முலாவை `ArrayFormula( )` உள்ளே வைக்க வேண்டும்.

நடக்காத நாளுக்கு ✗ போடச் சொன்னது அழகுக்காக அல்ல. அதை வெறுமையாக விட்டால், "நடக்கவில்லை" என்பதும் "அந்த நாள் இன்னும் வரவில்லை" என்பதும் கணினிக்கு ஒன்றாகிவிடும். 13, 14 இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்துவிட்டு ஒன்றும் குறிக்காவிட்டால், கடைசிப் பதிவு 12ஆம் தேதியே. அட்டவணை 3 என்றே பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி டிக் போடும் அன்றுதான் குட்டு வெளிப்பட்டு 1-க்கு இறங்கும்.

கூகுள் ஷீட்ஸில் டிக் பெட்டி வைத்தவர்களுக்கு இதன் தலைகீழ்ச் சிக்கல். டிக் செய்யாத பெட்டி வெறுமையாகத் தெரிந்தாலும், உள்ளே `FALSE` இருக்கிறது. ஆகவே 31ஆம் தேதிவரை எல்லாமே நிரப்பிய கட்டங்கள் ஆகி, மாதக் கடைசிவரை விடை 0. பெட்டியை எடுத்துவிட்டு, ✓ அல்லது ✗ தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியல் வைப்பது எளிய வழி.

டிக் இருந்தும் கீழே பூஜ்யம் வந்தால், டிக்கின் மேலேயே சந்தேகப்படுங்கள். ✓, ✔ இரண்டும் கண்ணுக்கு அண்ணன் தம்பி. கணினிக்கு வேறு வேறு எழுத்துகள். விங்டிங்ஸ் எழுத்துருவில் போட்ட டிக்கோ, உண்மையில் `ü` என்ற எழுத்து. ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் `=UNICODE(H2)` என்று கேட்டால் குட்டு உடையும்: ✓ என்றால் 10003, ✔ என்றால் 10004, விங்டிங்ஸ் என்றால் 252. எண் சரியாகவே வந்தும் பூஜ்யம் என்றால் `=LEN(H2)` பாருங்கள். 2 என்று வந்தால் டிக்குக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கக்கூடும்.

தேதி வரிசையில் நாள் விட்டுப்போயிருந்தால், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் அடுத்தடுத்த நாள்கள் ஆகா. ஞாயிறைச் சேர்க்காமல் தேதி எழுதியவர்களுக்கு, சனியும் திங்களும் தொடர்ந்த நாள்களாகவே எண்ணப்படும். அதுதான் வேண்டும் என்றால் சரி. வேண்டாம் என்றால் C3 முதல் இப்படி மாற்றுங்கள்:

```
=IF(C2="✓",IF(C1-B1=1,B3,0)+1,0)
```

நவம்பர் பிறந்ததும் தொடர் 1-லிருந்து தொடங்கிவிடுகிறதே என்று சங்கடப்பட வேண்டியதில்லை. புதிய தாளின் A3-இல் தலைப்புக்குப் பதில் `=Sheet1!AG2` என்று பழைய தாளின் விடையைக் கொண்டுவந்து வையுங்கள். B3-இல் உள்ள முதல் ஃபார்முலா அதன் மேலேயே கூட்டிக்கொள்ளும். அதற்குமுன் அக்டோபர் 31இன் கட்டத்தில் ✓ அல்லது ✗ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.