தொழிலாளர் நகர்வு வரைபடம்: எந்தக் கோட்டை விடுவது?

வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களை அம்புக் கோடுகளால் காட்டும் வரைபடங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கோடு எவ்வளவு தடிமனோ, அவ்வளவு பேர் போகிறார்கள் என்று பொருள். பார்க்க எளிதாக இருக்கும் இந்தப் படத்தை வரைவதில் முதல் சிக்கல் கோடுகளின் எண்ணிக்கைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 28 மாநிலங்களும் 7 யூனியன் பிரதேசங்களும் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 34-க்கும் ஓர் அம்பு போட்டால் மொத்தம் 1,190 அம்புகள். அத்தனையும் வரைந்தால் நாட்டின் நடுப்பகுதி கறுத்துப்போய்விடும். எதுவும் தெரியாது.

இதற்கு ஒரு வழியை அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டாப்ளர் 1980-களில் கணினியில் செய்து பார்த்தார். எல்லா நகர்வுகளின் சராசரியைக் கணக்கிட்டு, அதற்குக் குறைவான கோடுகளை விட்டுவிடுவது. நம் கணக்கெடுப்பின்படி வெளிமாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் சுமார் 5.4 கோடி. அதை 1,190-ஆல் வகுத்தால் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 45,000 பேர். பெரும்பாலான கோடுகள் இந்த அளவுக்குக் கீழேதான் விழும். ஆனால் பெரும்பாலான மக்கள் மிஞ்சும் சில கோடுகளுக்குள் அடங்கிவிடுவார்கள். விட்ட கோடுகளில் எத்தனை பேர் என்று படத்தின் அடியில் எழுதினால் போதும். நேர்மையான சுருக்கம் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 5.4 கோடியில் திருமணமாகிப் போன பெண்கள் பெரும் பங்கு. தொழிலாளர் படம் என்றால், இடம்பெயர்ந்த காரணம் 'வேலை' என்று பதிவானவர்களை மட்டும் எடுத்து, அவர்களுக்கான சராசரியைத் தனியாகப் போட வேண்டும்.

கோடுகளைக் குறைத்த பிறகு நீளம் கண்ணை ஏமாற்றும். இந்தியாவின் கிழக்கு மேற்கு அகலம் 15 செ.மீ. வருமாறு படம் அச்சாகிறது என்று கொள்வோம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து சூரத் விசைத்தறிகளுக்குப் போகிறவர்களின் கோடு ஆறரை செ.மீ. ஓடும். லக்னோவிலிருந்து டெல்லிக்கு இரண்டு செ.மீ.தான். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்து, டெல்லிப் பாதையில் 20 லட்சம் பேரைக் காட்டினால், அம்புக்குப் பதில் நீளமும் அகலமும் ஒன்றான சதுரக் கட்டி வந்து உட்காரும். தடிமனைக் குறைத்தாலோ, குட்டையான அந்தப் பெரிய நகர்வு கண்ணிலேயே படாமல், நீளமான ஒல்லிக் கோடுதான் முதலில் தெரியும். டெல்லியைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரிதாக்கி, ஓரத்தில் தனிக் கட்டமாகப் போடுவதே இதற்குத் தீர்வு.

கோடுகளை லேசாக வளைத்தால் போக்கும் வரத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. மெல்லிய கோடு தடித்த கோட்டுக்கு மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் மறைந்துபோகும்.

இவற்றைவிட மோசமான பிழை, அம்பு எங்கே போய் முடிகிறது என்பதில் இருக்கிறது. மென்பொருள்கள் பெரும்பாலும் மாநிலத்தின் நடுப்புள்ளியில் கோட்டை முடித்துவிடும். மகாராஷ்டிரத்துக்கு அந்தப் புள்ளி மராத்வாடா பக்கம் விழும். உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் திரளாகப் போவதோ மும்பை, தானே, புனே பகுதிகளுக்கு. மராத்வாடாவின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டக் குடும்பம் குடும்பமாக வெளியே கிளம்புகிறார்கள். ஆள் வெளியேறும் வறண்ட மண்ணில் ஆள் வந்து குவிவதாகப் படம் சொல்லிவிடுகிறது! முனையை மும்பைக்கு நகர்த்தி, நகர்த்தியதைக் குறிப்பில் சொல்வதுதான் முறை. பிரான்சின் மினார்ட் 19-ஆம் நூற்றாண்டில் தடித்த கோடுகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கடற்கரைகளையே கொஞ்சம் தள்ளி வரைந்தார். நிலத்தின் துல்லியத்தைவிட நகர்வின் அளவு முக்கியம் என்று அவர் முடிவெடுத்தார். தொழிலாளர் படத்துக்கும் அந்த முடிவு பொருந்தும்.

மிச்சமிருப்பது கணக்கெடுப்பின் எல்லை. கணக்கெடுப்பு நாளில் எங்கே இருந்தார்கள், அதற்கு முன் எங்கே வசித்தார்கள் என்பதை வைத்தே அது நகர்வைக் கணக்கிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் குடியேறியவரும் அதே அம்புக்குள் இருப்பார். சில மாதங்கள் மட்டும் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பியவர் விடுபட்டிருக்கலாம். ஓராண்டில் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பது வேறு கேள்வி. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை அதற்காக ரயில்களின் முன்பதிவில்லாப் பயணிகள் கணக்கையும் பயன்படுத்தி, ஆண்டுக்கு 90 லட்சம் பேர் என்ற அளவில் மதிப்பிட்டது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் கலக்கக் கூடாது.

ஆகவே இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், தடித்த அம்பைப் பார்ப்பதற்கு முன் அடிக்குறிப்பைப் படியுங்கள். எந்த ஆண்டு, யாரைக் கணக்கில் எடுத்தார்கள், எந்த அளவுக்குக் கீழே உள்ள கோடுகளை விட்டார்கள் என்பது அங்கே இல்லையென்றால், அந்தப் படத்தை வைத்து எந்த மாநிலத்தைப் பற்றியும் முடிவுக்கு வராதீர்கள்.